ஊர் கிரிக்கெட் தொடருக்குப் பதிவு நோட்டீஸ் எழுதும் முறை: ராமநாதபுரம் கடற்கரை ஊர்களுக்கு

முதல்முறையாக டென்னிஸ் பால் தொடர் நடத்தப் போகும் தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஊரில் நாங்கள் ஆறு வருடமாகத் தொடர் நடத்துகிறோம். முதல் வருடம் வேறொரு ஊர் நோட்டீஸைப் பார்த்து, ஊர் பெயரையும் தேதியையும் மட்டும் மாற்றி அச்சடித்தோம். அந்த வருடம் எங்களுக்கு வந்த சண்டைகள் முக்கால்வாசியும் அந்த நோட்டீஸில் எழுதாமல் விட்ட வரிகளால் வந்தவைதான்.

அதன் பிறகு ஒரு முறையைப் பிடித்துக்கொண்டோம். எத்தனை ஆட்டம் நடத்த நேரம் இருக்கிறது என்று முதலில் பார்ப்போம். அதிலிருந்து அணிகளின் எண்ணிக்கை, அணிகளிலிருந்து செலவு, செலவிலிருந்து கட்டணம், கடைசியாகப் பதிவு முடியும் நாள். நோட்டீஸ் எழுத உட்காருவது இதெல்லாம் முடிந்த பிறகுதான். இங்கே 2026 மே மாதத்தை உதாரணமாக வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். உங்கள் வருடத்துக்குத் தேதியை மாற்றிக்கொள்ளுங்கள்.

நாள் குறிப்பது

நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடக்கும், பள்ளிக்கூடமும் விடுமுறை. அதனால் மே மாதம்தான் தொடருக்கு வசதி. ஆனால் தடை விசைப்படகுகளுக்குத்தான், நாட்டுப்படகுகள் வழக்கம்போலக் கடலுக்குப் போகும். நாட்டுப்படகு ஊர்களிலிருந்து வரும் பையன்கள் காலையில் கரைக்கு வந்து, மீனை ஏலத்தில் விட்டு, வலையை உதறி வைத்துவிட்டுத்தான் மைதானத்துக்கு வர முடியும். அந்த அணிக்கு நீங்கள் காலை 6:30 ஆட்டத்தைக் கொடுத்தால் ஐந்து பேரோடு வந்து நிற்பார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன செய்ய? பதிவுப் படிவத்திலேயே “காலை ஆட்டம் முடியுமா, மாலை மட்டும்தானா?” என்று ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள். எங்கள் படிவத்தில் அதிகம் உதவிய கேள்வி இதுதான்.

அடுத்து வழிபாட்டு நேரம். தங்கச்சிமடம், பாம்பன், மூக்கையூர்ப் பக்கத்து அணிகளுக்கு ஞாயிறு காலையில் பூசை இருக்கும். கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கத்து அணிகளுக்கு வெள்ளி மதியம் ஜும்மா. ஏர்வாடி சந்தனக்கூடும் பக்ரீத்தும் ஹிஜ்ரி நாட்காட்டிப்படி வருவதால் வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே இருக்கும். போன வருடத் தேதியை மனதில் வைத்து நாள் குறித்தால் தவறிவிடும். 2026-இல் பக்ரீத் மே கடைசி வாரத்தில் வருகிறது. ஆகவே மே 16, 17, 23, 24 என்று இரண்டு சனி ஞாயிறுகளை எடுத்துக்கொள்வோம்.

நாளை வெளியே சொல்வதற்கு முன் ஊர்க் கமிட்டியிடமோ ஜமாத்திடமோ பேசி இடத்துக்கு ஒப்புதல் வாங்குங்கள். மைக் கட்டுவதற்குக் காவல் நிலையத்தில் மனுக் கொடுத்து வையுங்கள்.

எத்தனை அணி?

மே மாதம் நம் பக்கத்தில் சுமார் 6 மணிக்குச் சூரியன் உதித்து மாலை 6:30 வாக்கில் மறையும். ஆனால் பத்து மணிக்கு மேல் மணல் சுட ஆரம்பித்துவிடும். 3:30 வரை மைதானத்தில் யாரையும் நிற்க வைக்கக் கூடாது. ஆக, காலையில் மூன்றரை மணி நேரம், மாலையில் மூன்று மணி நேரத்துக்குள். இவ்வளவுதான் கையில் இருக்கும் நேரம்.

ஓர் அணிக்கு 6 ஓவர் என்றால் ஓவருக்கு ஐந்து நிமிடமாக ஓர் இன்னிங்ஸ் அரை மணி நேரம் ஆகும். இரண்டு இன்னிங்ஸ், நடுவில் ஐந்து நிமிடம், டாஸ், அடுத்த அணி இறங்குவது எல்லாம் சேர்த்து ஓர் ஆட்டத்துக்கு 70 நிமிடம் ஒதுக்குங்கள். 60 நிமிடம் போதும் என்று நினைத்துப் போட்டால் மாலையின் கடைசி ஆட்டம் இருட்டில் மாட்டும். எங்களுக்கு மாட்டியிருக்கிறது. 4 பந்தில் 7 ரன் வேண்டும் என்ற நிலையில் பந்து தெரியவில்லை என்று பேட்டர் விலகி நின்றார். அந்த ஆட்டத்தை என்ன செய்வதென்று நோட்டீஸிலும் எழுதவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை.

70 நிமிடக் கணக்கில் காலை 6:30 முதல் 10 மணி வரை 3 ஆட்டம், மாலை 3:30 முதல் 5:50 வரை 2 ஆட்டம். சனிக்கிழமைக்கு 5. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து 8:30-க்குத் தொடங்கினால் பத்து மணிக்குள் காலையில் 1, மாலையில் 2 வைத்து 3. முதல் வாரத்தில் மொத்தம் 8 ஆட்டம்.

நாக் அவுட் முறையில் ஓர் ஆட்டத்துக்கு ஓர் அணி வெளியேறும். கடைசியில் ஒன்று மிஞ்ச வேண்டும் என்பதால், அணிகளின் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்தால் ஆட்டங்களின் எண்ணிக்கை. 16 அணிக்கு 15 ஆட்டம். முதல் சுற்றின் 8 ஆட்டமும் முதல் வாரத்திலேயே முடிந்துவிடும். இரண்டாம் சனியில் நான்கு காலிறுதியும் ஓர் அரையிறுதியும், ஞாயிறு காலையில் மற்றோர் அரையிறுதி, மாலையில் இறுதி. சரியாகப் பொருந்துகிறது. 20 அணி எடுத்தால் 19 ஆட்டம். நான்கு ஆட்டத்துக்கு இடம் தேடி வெயிலில் நிற்க வேண்டும். “முதலில் பதியும் 16 அணிகள் மட்டும்” என்று நோட்டீஸில் எண்ணைப் போட்டே எழுதுங்கள்.

16 வராமல் 13 வந்தால் என்ன செய்வது என்பதும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். 16-இல் 13 போக மீதி 3. அந்த 3 அணிகளுக்கு முதல் சுற்றில் பை, அதாவது ஆடாமலே அடுத்த சுற்று. மற்ற 10 அணிகள் 5 ஆட்டம் ஆடினால் வென்ற 5-உம் பை பெற்ற 3-உம் சேர்ந்து காலிறுதிக்கு 8 ஆகிவிடும். பை யாருக்கு என்பதைக் கேப்டன்கள் முன்னால் சீட்டுப் போட்டே எடுக்க வேண்டும். நடத்தும் ஊர் அணிக்கே பை விழுந்து, அதை யாரும் பார்க்காமல் எடுத்திருந்தால், அந்தப் பேச்சு அடுத்த வருடம் வரை ஓயாது.

பிரிவுகள்

பிரிவு இரண்டு போதும் என்பது என் கருத்து. ஒன்று பொதுப் பிரிவு, மற்றது பள்ளிப் பையன்களுக்கு. நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தனிப் பிரிவு வைக்க எங்களுக்கும் ஆசைதான், ஆனால் நான்கு நாளில் அதற்கு இடமில்லை.

பையன்கள் பிரிவில் “16 வயதுக்குட்பட்டோர்” என்று மட்டும் எழுதாதீர்கள். பதினாறு முடிந்தவனும் வருவான், பதினாறு நடப்பவனும் வருவான், இரண்டு பேரும் தங்கள் பக்கமே நியாயம் என்பார்கள். பிறந்த தேதியை எழுதுங்கள்: “2010 மே 16-க்குப் பின் பிறந்தவர்கள் மட்டும்.” அப்புறம் வாதமே இல்லை. 8 அணி, 4 ஓவர், 7 ஆட்டம். பள்ளி விடுமுறை என்பதால் இடைப்பட்ட வாரத்தில் திங்கள், செவ்வாய், புதன் மாலைகளில் தினம் இரண்டு ஆட்டம் வைத்து அரையிறுதி வரை முடித்துவிடலாம். இறுதி ஆட்டத்தை மட்டும் ஞாயிறு மாலை பெரியவர்களின் இறுதிக்கு முன்னால் வையுங்கள். பையன்களுக்கு நல்ல கூட்டத்தின் முன்னால் ஆடக் கிடைக்கும்.

வயதுச் சான்றுக்கு ஆதார் நகலை வாட்ஸ்அப் குழுவில் போடச் சொல்லாதீர்கள். சின்னப் பையன்களின் அட்டை எண் ஊர் முழுக்கச் சுற்றுவது நல்லதில்லை. ஆட்டத்தன்று அசல் அட்டையைக் கையில் கொண்டுவந்து காட்டினால் போதும். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பொதுப் பிரிவில் சிக்கலே வேறு. ‘ஊர் அணி’ என்றால் யார்? நம் பக்கத்தில் இதற்கு எளிதில் பதில் சொல்ல முடியாது. ஊரில் பிறந்து சென்னையிலோ வளைகுடாவிலோ வேலை பார்த்து விடுமுறைக்கு வந்தவர் இருப்பார். இங்கே பெண் எடுத்து மாமனார் ஊரில் இருப்பவர் இருப்பார். படகு வேலைக்கு வந்து வருடக்கணக்காகத் தங்கியிருப்பவரும் இருப்பார். எங்கள் மூன்றாம் வருடத் தொடரில் தொண்டிப் பக்கத்திலிருந்து படகு வேலைக்கு வந்த ஒரு தம்பி, தங்கியிருந்த ஊருக்குச் சனிக்கிழமை பந்து வீசினார். அந்த அணி தோற்றதும் ஞாயிற்றுக்கிழமை சொந்த ஊருக்கு ஆடினார். அவர் ஏமாற்றவில்லை. இரண்டுமே தன் ஊர் என்றுதான் நினைத்தார். தோற்ற அணிகள் ஒத்துக்கொள்ளவில்லை, ஒரு மணி நேரம் ஆட்டம் நின்றது.

அதிலிருந்து மூன்று வரி சேர்த்துவிட்டோம். பதிவு செய்யும்போதே 13 பேரின் பெயர்ப் பட்டியல் தர வேண்டும், பிறகு மாற்ற முடியாது. 13-இல் வெளியூர் ஆட்டக்காரர் 2 பேர் வரை இருக்கலாம். ஒருவர் பெயர் இரண்டு பட்டியலில் இருந்தால் முதலில் பதிந்த அணிக்கே அவர். தங்கி வேலை பார்ப்பவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று அணியே முடிவு செய்துகொள்ளட்டும். ஒரு பட்டியலில் மட்டும் இருக்கிறாரா என்பதுதான் நமக்கு முக்கியம். வெளியூர் ஆளே கூடாது என்று ஒரு வருடம் வைத்துப் பார்த்தோம். சின்ன ஊர்களுக்குப் பதினொரு பேர் சேராமல் பதிவு பாதியாகக் குறைந்தது.

கட்டணம்

பக்கத்து ஊர் வாங்குகிறது என்பதற்காக அதே கட்டணத்தை வைக்காதீர்கள். இரண்டு பிரிவும் சேர்த்து 22 ஆட்டம். எங்கள் கணக்குப் புத்தகத்திலிருந்து, சுற்று எண்ணாக்கித் தருகிறேன்.

பொதுப் பிரிவில் இன்னிங்ஸுக்கு ஒரு புதுப் பந்து, பையன்களுக்கு ஆட்டத்துக்கு ஒன்று. தொலையும் பந்துக்கும் சேர்த்து 40 பந்து, ஒன்று 80 ரூபாய் வீதம் 3,200. நடுவர் ஆட்டத்துக்கு இரண்டு பேர், ஆளுக்கு 100 வீதம் 4,400. பந்தலும் மைக்கும் நான்கு நாளைக்கு 6,000. மைதானத்துக்கு 4,000. மணலில் பந்து எழும்பாது என்பதால் கண்மாய் மண் ஒரு டிராக்டர் அடித்து, பிட்சில் பரப்பி, முதல் நாள் மாலை தண்ணீர் விட்டு இறுக்க வேண்டும். அந்த மண்ணும் தண்ணீர் வண்டியும் சுண்ணாம்பும் இதில் அடங்கும். குடிதண்ணீர் 1,800. முதலுதவி, நோட்டீஸ், ரசீதுப் புத்தகம், சில்லறைச் செலவு 1,600. மொத்தம் 21,000 ரூபாய்.

இங்கேதான் எல்லோரும் தவறுகிறார்கள். 21,000-ஐ 16-ஆல் வகுத்துக் கட்டணம் போட்டுவிடுகிறார்கள். நாலு அணி குறைந்து 12 வந்தால்? ஆட்டம் நான்கு குறையும். அதனால் மிச்சமாவது 8 பந்துக்கு 640-உம் நடுவர் பணம் 800-உம்தான், ஆக 1,440 ரூபாய். பந்தலும் மைக்கும் மண்ணும் தண்ணீரும் 12 அணிக்கும் அதே செலவுதான். ஆகவே செலவு 19,560. பையன்களிடம் அணிக்கு 250 வாங்கினால் 8 அணிக்கு 2,000. மீதி 17,560-ஐ 12-ஆல் வகுத்தால் 1,463 சொச்சம். கட்டணம் 1,500 என்று வையுங்கள். 12 அணி வந்தாலும் கைப்பணம் போடாமல் தப்பிக்கலாம். 16 வந்தால் 5,000 மிஞ்சும், அதைக் கடைசி நாளில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டு அடுத்த வருடத்துக்கு வையுங்கள்.

பரிசுப் பணத்தையும் கோப்பையையும் இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. அது நன்கொடையாளர்கள் தருவது. அதில் ஒரே விதி: கையில் வந்து சேர்ந்த பணத்தை மட்டும் நோட்டீஸில் அச்சடியுங்கள். இரண்டாம் வருடம் ஒரு பெரியவர் முதல் பரிசு தருவதாகச் சொன்னார், நாங்களும் பெரிய எழுத்தில் போட்டோம். இறுதி ஆட்டத்தன்று அவர் ஊரில் இல்லை, போனும் எடுக்கவில்லை. வென்ற பையன்கள் முன்னால் நின்று பதில் சொன்னது நாங்கள்தான். ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டு மூன்று மாதத்தில் கொடுத்து முடித்தோம்.

பணம் வாங்கும்போது ஒரே ஒரு யுபிஐ எண்ணை மட்டும் கொடுங்கள், குறிப்பில் அணியின் பெயரைப் போடச் சொல்லுங்கள். ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்து ரசீது எழுதாமல், கணக்கில் பணம் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். ரொக்கமாகத் தருபவர்களுக்கு எண் போட்ட ரசீது. யுபிஐயில் கட்டியவர்களுக்கும் அதே புத்தகத்தில் அடுத்த எண். யார் முதலில் பதிந்தார் என்ற கேள்விக்கு அந்த ரசீது எண்ணே பதில்.

விதிகள்

எல்லா நோட்டீஸிலும் “கமிட்டியின் முடிவே இறுதியானது” என்று ஒரு வரி இருக்கும். இருக்கட்டும். ஆனால் அதை மட்டும் நம்பினால் ஒவ்வொரு தகராறிலும் கமிட்டி ஒரு பக்கம் சாய்ந்ததாகத்தான் பேச்சு வரும். அடிக்கடி வரும் தகராறுக்கு முன்பே வரி எழுதிவிட்டால் நடுவர் நோட்டீஸை எடுத்துக் காட்டிவிட்டுப் போகலாம்.

எல்லா ஊருக்கும் பொதுவானவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 6 ஓவர் ஆட்டத்தில் ஒரு பந்து வீச்சாளருக்கு 2 ஓவர்தான். எல்.பி.டபிள்யூ. வேண்டாம், பயிற்சி இல்லாத நடுவர் அதைக் கொடுத்தால் சண்டைதான். நோ பாலுக்கு ஃப்ரீ ஹிட் உண்டா என்று எழுதுங்கள். மாங்கா பந்து வீசினால் முதல் முறை நோ பால், இரண்டாம் முறை அந்த ஆட்டத்தில் அவர் மேற்கொண்டு வீசக் கூடாது. குறித்த நேரத்திலிருந்து 15 நிமிடத்தில் 8 பேராவது இறங்காவிட்டால் எதிரணிக்கு வெற்றி.

சமநிலைக்கு ஒரு வரி கட்டாயம். 2019 ஜூலையில் லார்ட்ஸில் நடந்த உலகக் கோப்பை இறுதியில் சூப்பர் ஓவரும் சமமாகி, அதிக பவுண்டரி அடித்ததால் இங்கிலாந்துக்குக் கோப்பை போனது. அந்த விதியை ஐசிசியே சில மாதத்தில் கைவிட்டது. நாமும் பவுண்டரி எண்ணிக்கைக்குப் போக வேண்டாம். ஒரு சூப்பர் ஓவர், அதுவும் சமமானால் இன்னொன்று, அதற்கு வெளிச்சம் இல்லாவிட்டால் டாஸ். டாஸ் கொடுமைதான், ஆனாலும் எழுதி வைத்த டாஸை எல்லோரும் ஏற்றுக்கொள்கிறார்கள்.

இனி நம் கரைக்கே உரிய மூன்று விஷயம். முதலாவது காற்று. கச்சான் எழும்பிவிட்டால் மாலையில் ஸ்டம்ப் மேல் பெயில்ஸ் நிற்காது. ஒவ்வொரு பந்துக்கும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தால் 70 நிமிடம் 90 ஆகிவிடும். கிரிக்கெட் சட்டத்திலேயே இதற்கு வழி இருக்கிறது. தேவைப்பட்டால் நடுவர்கள் பெயில்ஸ் இல்லாமலே ஆட்டத்தை நடத்தலாம் என்று 8-ஆம் விதி சொல்கிறது. ஸ்டம்ப் கலைந்ததா என்பதை நடுவரே பார்த்துச் சொல்ல வேண்டும். இரண்டு முனையிலும் சேர்த்தே பெயில்ஸை எடுக்க வேண்டும், ஒரு முனையில் மட்டும் எடுக்கக் கூடாது. இதை நோட்டீஸில் போடுங்கள். இல்லாவிட்டால் ரன் அவுட் ஆனவர், பெயில்ஸ் விழவில்லையே என்று நிற்பார்.

இரண்டாவது தண்ணீர். கடல் பக்கத்து எல்லையைத் தாண்டிய பந்து நனைந்து கனத்துவிடும். அதைக் காயவைத்து வீசினாலும் பழைய மாதிரி எழும்பாது. நனைந்த பந்தை ஒதுக்கிவிட்டு, அதே அளவு ஓவர் ஆடிய பழைய பந்து ஒன்றைக் கொடுங்கள். புதுப் பந்து கொடுத்தால் வீசும் அணிக்கு லாபம் என்று பேட்டிங் அணி கேட்கும், கேட்பது நியாயமும்கூட. முதல் நாள் ஆடிய பந்துகளை இதற்காகவே ஒரு பையில் போட்டு வைப்போம்.

மூன்றாவது மரம். எங்கள் மைதானத்தில் லெக் பக்கம் இரண்டு பனையும் அதற்கு அப்பால் கருவேலமும். பனையில் பட்டுத் திரும்பிய பந்தைப் பிடித்தால் அவுட்டா, நாலா? நாங்கள் வைத்திருப்பது: பனையில் நேராகப் பட்டால் நாலு, பிடித்தாலும் அவுட் இல்லை. கருவேலத்துக்குள் போனால் நாலு, யாரும் உள்ளே போய்த் தேட வேண்டாம், முள் காலுக்குள் போய்விடும். உங்கள் மைதானத்தில் ஒரு சுற்று நடந்து பாருங்கள். மரம், கம்பம், கட்டி வைத்த வள்ளம், கிணறு என எது எல்லைக்குள் இருக்கிறதோ அதற்கெல்லாம் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

கடைசி நாள்

தேதியோடு நேரத்தையும் எழுதுங்கள். எங்கள் முதல் நோட்டீஸில் தேதி மட்டும் இருந்தது. 16 அணி நிரம்பாமல் 15-இல் நின்றது. அன்று இரவு பதினொன்றரைக்கு மேல் நாலு அணி பணம் அனுப்பிவிட்டது, இன்னும் பன்னிரண்டு ஆகவில்லை என்பது அவர்கள் வாதம். அவர்கள் சொன்னதும் சரிதான். 19 அணியை வைத்துக்கொண்டு நாங்கள் பட்ட பாடு போதும்.

கடைசி நாளுக்கும் முதல் ஆட்டத்துக்கும் நடுவில் ஒரு வாரம் வேண்டும். மே 16 சனி தொடக்கம் என்றால் மே 9 சனி இரவு 7 மணியோடு பதிவு முடியட்டும். மறுநாள் ஞாயிறு மாலை 5 மணிக்குக் கேப்டன்கள் முன்னால் சீட்டு. சீட்டுப் போட்ட பிறகு ஆட்ட அட்டவணை எழுதி, நாட்டுப்படகு ஊர்களை மாலைக்கு மாற்றி, எல்லோருக்கும் சொல்ல ஐந்து நாள் இருக்கும். விலகும் அணிக்குக் கடைசி நாள் வரை முழுப் பணமும் திருப்பிக் கொடுங்கள், சீட்டுப் போட்ட பிறகு கிடையாது. “வர்றோம்ணே, இடம் போட்டு வைங்க” என்று போனில் சொல்வது பதிவு ஆகாது. இதைச் சொந்தக்காரர் அணிக்கும் சொல்ல வேண்டும். எனக்கு இன்றும் கஷ்டமான வேலை அதுதான்.

நோட்டீஸ் மாதிரி

இவ்வளவும் முடிவான பிறகு எழுதினால் நோட்டீஸ் இப்படி வரும். கோடிட்ட இடத்தை நிரப்பிக்கொள்ளுங்கள்.

> ………… ஊர் இளைஞர்கள் நடத்தும் டென்னிஸ் பால் கிரிக்கெட் தொடர்
>
> நாள்: 2026 மே 16, 17, 23, 24. இடம்: …………
>
> பொதுப் பிரிவு: 6 ஓவர், நாக் அவுட். பணம் கட்டிப் பதியும் முதல் 16 அணிகள் மட்டும். கட்டணம் ரூ. 1,500.
>
> பள்ளி மாணவர் பிரிவு: 4 ஓவர். 2010 மே 16-க்குப் பின் பிறந்தவர்கள். முதல் 8 அணிகள். கட்டணம் ரூ. 250. ஆட்டங்கள் மே 18, 19, 20 மாலை. இறுதி மே 24. அசல் வயதுச் சான்று கொண்டுவரவும்.
>
> பதிவு முடியும் நேரம்: மே 9, சனி இரவு 7 மணி. சீட்டு: மே 10, ஞாயிறு மாலை 5 மணி, ஊர் மடத்தில். கேப்டன் வர வேண்டும்.
>
> பதியும்போது 13 பேர் பெயர்ப் பட்டியல் தரவும். பொதுப் பிரிவில் வெளியூர் ஆட்டக்காரர் 2 பேர் வரை. ஒருவர் ஓர் அணிக்கு மட்டும்.
>
> கட்டணம் கணக்கில் சேர்ந்து ரசீது எண் தந்த பிறகே பதிவு. மே 9 வரை விலகினால் முழுப் பணமும் திருப்பித் தரப்படும், சீட்டுக்குப் பின் இல்லை.
>
> ஒருவருக்கு 2 ஓவர் (மாணவர் பிரிவில் 1). எல்.பி.டபிள்யூ. இல்லை. நோ பாலுக்கு ஃப்ரீ ஹிட் உண்டு. எறிந்து வீசினால் நோ பால், மறுமுறை வீசத் தடை. 15 நிமிடத்தில் 8 பேர் இறங்காவிட்டால் எதிரணிக்கு வெற்றி. சமநிலை: சூப்பர் ஓவர் இரண்டு வரை, பிறகு டாஸ்.
>
> காற்றில் பெயில்ஸ் நிற்காவிட்டால் இரு முனையிலும் எடுத்துவிட்டு ஆட்டம் நடக்கும், நடுவர் தீர்ப்பே முடிவு. நனைந்த, தொலைந்த பந்துக்கு அதே அளவு ஆடிய பந்து. பனையில் பட்டால், கருவேலத்துக்குள் போனால் நாலு.
>
> பொதுப் பிரிவு முதல் பரிசு ரூ. …………, இரண்டாம் பரிசு ரூ. …………. மாணவர் பிரிவு: கோப்பை.
>
> பதிவுக்கு (மாலை 5 முதல் இரவு 8 வரை): …………, ………… 

மாணவர் பிரிவில் ஒருவருக்கு ஒரே ஓவர் என்று வைத்தது எங்கள் விருப்பம். நாலு பையன்களாவது பந்து வீசுவார்கள்.

தொடர்புக்கு இரண்டு எண் கொடுங்கள். ஒருவர் கடலுக்கோ ஊருக்கோ போயிருந்தால் மற்றவர் எடுக்க வேண்டும். நோட்டீஸை ஏப்ரல் கடைசி வாரத்திலேயே வெளியிடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் ஏலக் கூடத்திலும் ஐஸ் கம்பெனி வாசலிலும் பஸ் ஸ்டாப் டீக்கடையிலும் ஒவ்வொன்று ஒட்டுங்கள். அணி சேர்ப்பது பெரும்பாலும் அங்கே உட்கார்ந்துதான் நடக்கிறது. ஒட்டிய பிறகு ஏதாவது ஒரு வரியை மாற்ற நேர்ந்தால், ஏற்கெனவே பணம் கட்டிய அணிகளின் கேப்டன்களுக்குப் போன் செய்து சொல்லிவிட்டு மாற்றுங்கள். மாற்றிய தேதியையும் நோட்டீஸின் அடியில் போட்டுவிடுங்கள்.

சீட்டுப் போடும் மாலையில் நோட்டீஸை ஒருமுறை சத்தமாக வாசித்து, ஒவ்வொரு கேப்டனிடமும் அதன் பின்பக்கத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தாளை மடித்து ஸ்கோர் நோட்டுக்குள் வைத்துவிட்டு, 16 சீட்டையும் ஒரு சொம்பில் போட்டு, அங்கே இருக்கும் சின்னப் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்லுங்கள்.